ஷார்ஜாவிலிருந்து 20,000 திர்ஹம்: ரேட், கட்டணம், வேகம் மூன்றையும் ஒப்பிட்டு அனுப்பிய ஒரு நிகழ்வு

2024 நவம்பரில் ஷார்ஜாவில் வேலை பார்க்கும் ஒரு ஏசி டெக்னீஷியன், வீட்டுத் தளம் போடுவதற்காகத் தன் சேமிப்பை ஊருக்கு அனுப்பினார். அதன் பதிவு இது. நான் அதே நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ரசீதுகளையும் குறிப்புகளையும் அவர் சம்மதத்தோடு பயன்படுத்தியிருக்கிறேன். ஆட்களின் பெயரும் நிறுவனங்களின் பெயரும் இதில் இல்லை. ரேட்டுகள் அந்தந்த நாளுக்கு உரியவை. அவை தினமும் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

பின்னணி

அவருக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம். மனைவியும் மகளும் பள்ளிக்கூடத்துக்காகத் திருச்சியில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். கிராமத்தில் அம்மா இருக்கிறார். வீடு எழும்புவது அம்மா பெயரில் உள்ள மனையில்.

சம்பளம் வந்ததும் மாதம் 1,500 திர்ஹம் மனைவி கணக்குக்கு அனுப்புவார். தொழிலாளர் கேம்ப்புக்குப் பக்கத்தில், பணம் மாற்றி ஊருக்கு அனுப்பித் தரும் ஒரு எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ் கவுண்டரில்தான் பல வருடங்களாக அனுப்பி வந்தார். ரூமில் எல்லாரும் அங்கேதான் அனுப்புகிறார்கள், அதனால் அவரும் அங்கே. விடுமுறை ஞாயிறு என்பதால் அனுப்புவதும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான்.

நவம்பரில் சுவர் வேலை முடிந்து சென்ட்ரிங் அடித்தாகிவிட்டது. 18ஆம் தேதி திங்கட்கிழமை கான்கிரீட் போடுவதாக மேஸ்திரி சொல்லியிருந்தார். அதற்கு முன்பே கம்பிக்கும் சிமெண்டுக்கும் மிக்சருக்கும் பணம் கட்டியாக வேண்டும். சம்பளக் கணக்கில் சேர்ந்ததும் ரூமில் எடுத்த சீட்டும் சேர்த்து அவர் கையில் 20,000 திர்ஹம் இருந்தது. அதை 10ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையே வழக்கமான கவுண்டரில் கட்டிவிடுவதாக இருந்தார். முந்தின நாள் பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னதால், கட்டுவதற்கு முன் ஒரு தடவை சேர்ந்து போய்ப் பார்ப்போம் என்றேன்.

ஞாயிறு: போர்டில் இருந்த ரேட்

கவுண்டருக்கு மேலே இருந்த போர்டில் ஒரு திர்ஹத்துக்கு 22.80 ரூபாய் என்று ஓடிக்கொண்டிருந்தது. கட்டணம் 23 திர்ஹம், அதன் மேல் 5 சதவீத வாட் வரி சேர்த்து 24.15 திர்ஹம். அவர் பார்த்தது இந்தக் கட்டணத்தை மட்டும்தான். “எவ்வளவு அனுப்பினாலும் ஒரே சார்ஜ்தான் சார், அதனால் மொத்தமாக அனுப்பினால் லாபம்” என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் செலவில் அது ஒரு பகுதிதான். இன்னொரு பகுதி ரேட்டுக்குள்ளேயே இருக்கிறது, அதற்கு ரசீதில் தனி வரி கிடையாது.

அந்தப் பகுதியைக் கண்டுபிடிக்க, வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் நடு ரேட் தெரிய வேண்டும். அமீரகத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 1997 முதல் திர்ஹம் டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது: ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம். இந்த எண் மாறுவதில்லை. ஆகவே அன்றைய டாலர்–ரூபாய் ரேட்டை 3.6725ஆல் வகுத்தால் திர்ஹத்தின் நடு ரேட் வந்துவிடும். அந்த வாரம் டாலர் 84.40 ரூபாயை ஒட்டி இருந்தது. 84.40 ÷ 3.6725 = 22.98.

நடு ரேட் 22.98, போர்டில் 22.80. ஒவ்வொரு திர்ஹத்துக்கும் 18 காசு கடைக்காரரிடம் நின்றுவிடுகிறது. இதைத்தான் ரேட் மார்ஜின் என்கிறார்கள். 20,000 திர்ஹத்துக்கு இது 3,600 ரூபாய். கட்டணமாகப் போகும் 24.15 திர்ஹமோ ஏறக்குறைய 555 ரூபாய்தான். அதுவரை அவர் கண்ணில் படாத செலவு, கண்ணில் பட்டதைப்போல ஆறு மடங்குக்கு மேல்.

அதே போர்டு வெள்ளிக்கிழமை என்ன காட்டியது என்று ரூம் நண்பர் ஒருவரின் ரசீதில் பார்த்தோம்: 22.86. வெள்ளி மாலைக்கும் ஞாயிறுக்கும் இடையே சந்தையில் எதுவும் நடக்கவில்லை. டாலர்–ரூபாய் வங்கிச் சந்தை சனி, ஞாயிறு மூடியிருக்கும். திங்கட்கிழமை காலையில் ரேட் எங்கே திறக்கும் என்று கடைக்கு முன்கூட்டியே தெரியாது. ரூபாய் ஏறித் திறந்தால் கடைக்கு நட்டம், அதனால் ஞாயிறு ரேட்டில் ஒரு தற்காப்பு இடைவெளி வைத்துக்கொள்கிறார்கள். கேம்ப்பில் இருப்பவர்களுக்கு ஓய்வு கிடைப்பதும் ரேட் குறைவாக இருப்பதும் ஒரே நாளில் வருவது வருத்தமான விஷயம். ஆறு காசு வித்தியாசம் 20,000 திர்ஹத்துக்கு ஏறக்குறைய 1,200 ரூபாய்.

அன்று அனுப்புவதில்லை என்று முடிவானது. 18ஆம் தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. இரண்டு நாள் தள்ளுவதால் வேலைக்கு எந்த இடைஞ்சலும் வராது என்று கணித்தோம்.

செவ்வாய்: மூன்று வழிகளை ஒரே அளவுகோலில் வைத்தது

12ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மதியம், சந்தை திறந்திருக்கும் நேரத்தில், ஒரு மணி நேரத்துக்குள் மூன்று ரேட்டுகளையும் எடுத்தோம். ஒன்று வழக்கமான எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ். இரண்டு, அவருடைய சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியின் ஆப். மூன்று, அதே வங்கியிலிருந்து, நாடு விட்டு நாடு பணம் அனுப்ப வங்கிகள் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வழியாக டாலராக அனுப்புவது. வேறு வேறு நாளில் எடுத்த ரேட்டுகளை ஒப்பிட்டால் சந்தை நகர்ந்ததை நிறுவனத்தின் வித்தியாசமாக நினைத்துவிடுவோம், அதனால்தான் ஒரே நேரத்தில் எடுத்தோம்.

கேட்ட கேள்வியும் ஒன்றுதான்: கையிலிருந்து கிளம்பும் மொத்தத் திர்ஹம் இவ்வளவு என்றால், ஊரில் கணக்கில் விழும் ரூபாய் எவ்வளவு? கட்டணத்தைத் தொகையிலிருந்து கழித்துவிட்டு மீதியை ரேட்டால் பெருக்க வேண்டும்.

```
(கையில் உள்ள திர்ஹம் − கட்டணம்) × ரேட் = ஊரில் விழும் ரூபாய்
```

எக்ஸ்சேஞ்ச் ஹவுஸில் அன்று ரேட் 22.86, கட்டணம் வாட் சேர்த்து 24.15 திர்ஹம். வங்கி ஆப்பில் கட்டணமே இல்லை, ரேட் 22.68. “கட்டணம் இல்லை” என்பது ஆப்பில் பெரிய எழுத்தில் இருந்தது. நடு ரேட்டிலிருந்து 30 காசு குறைவு என்பது எங்கும் எழுதியிருக்கவில்லை.

முதலில் மாதத் தொகையான 1,500 திர்ஹத்தைப் போட்டுப் பார்த்தோம். எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ் வழியாக 33,738 ரூபாய் விழும். ஆப் வழியாக 34,020. ரேட் மோசமாக இருந்தும் ஆப்தான் 282 ரூபாய் அதிகம் தருகிறது, ஏனென்றால் சிறிய தொகையில் 24 திர்ஹம் கட்டணம் பெரிய கடி. அவர் வருடக்கணக்காக மாதாமாதம் இந்த 282 ரூபாயைப் போல ஒரு தொகையை விட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்புறம் 20,000 திர்ஹம். எக்ஸ்சேஞ்ச் ஹவுஸில் 4,56,648 ரூபாய். ஆப்பில் 4,53,600. இப்போது தலைகீழ்: எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ் 3,048 ரூபாய் அதிகம்.

எந்தத் தொகையில் இது திரும்புகிறது என்பதுதான் இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. கணக்கு எளிது. கட்டணத்தை ரூபாயாக்கி (24.15 × 22.86 = 552), இரண்டு ரேட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் (0.18) வகுத்தால் 3,067 திர்ஹம் வருகிறது. அன்றைய நிலையில் அதற்குக் கீழே ஆப் லாபம், மேலே எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ் லாபம். “எது மலிவு?” என்று ரூமில் நடக்கும் வாக்குவாதம் முடிவுக்கு வராததற்குக் காரணம் இதுதான். ஒருவர் ஆயிரத்துக்குச் சொல்கிறார், இன்னொருவர் பத்தாயிரத்துக்குச் சொல்கிறார். இரண்டு பேரும் சரி.

ஸ்விஃப்ட் வழி மூன்றாவது. இதில் பணம் முதலில் டாலராகிறது, பிறகு இந்திய வங்கி அதை ரூபாயாக்குகிறது, ஆகவே இரண்டு இடத்தில் மார்ஜின். வங்கியின் அனுப்பும் கட்டணம், வழியில் உள்ள இடைத்தரகு வங்கி பிடிக்கும் டாலர், இந்திய வங்கி தரும் குறைந்த டாலர் ரேட் எல்லாம் கழித்தால் 4,51,400 ரூபாய் அளவில் வந்தது. அதன் மேல் இந்தியாவில் அந்நியச் செலாவணியை மாற்றும் சேவைக்கு ஜிஎஸ்டி உண்டு. இந்தத் தொகைக்கு அது கிட்டத்தட்ட 500 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ் வழியில் பணம் ரூபாயாகவே வந்துசேர்வதால், வாங்குபவர் கணக்கில் இந்தப் பிடித்தம் விழுவதில்லை. வேகமும் ஸ்விஃப்டுக்குச் சாதகமாக இல்லை, ஒன்று முதல் மூன்று வேலை நாள் என்றார்கள். அதை அத்தோடு விட்டுவிட்டோம்.

மற்ற இரண்டுக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசமில்லை. இரண்டுமே இந்தியாவில் ஒரு கூட்டாளி வங்கி மூலம் ஐஎம்பிஎஸ்ஸிலோ நெஃப்டிலோ கொண்டுபோய்ப் போடுகின்றன. ஐஎம்பிஎஸ் எந்நேரமும் ஓடும், ஒரு தடவைக்கு 5 லட்சம் ரூபாய் வரை போகும். நம் தொகை அதற்குள் வருகிறது. நெஃப்டும் 2019 டிசம்பர் முதல் விடுமுறை நாள் உட்பட 24 மணி நேரமும் அரை மணிக்கு ஒரு தொகுதியாக ஓடுகிறது. ஆக, “சில நிமிடத்தில் போகும்” என்று கவுண்டரில் சொன்னதை நம்ப நியாயமான காரணம் இருந்தது.

ரூமில் வந்த இன்னொரு யோசனை

அன்று இரவு ரூமில் ஒருவர் உண்டியல், அதாவது ஹவாலா வழியைச் சொன்னார். 23.10 தருகிறார்கள், கட்டணம் இல்லை, அம்மா கையில் ரொக்கமாகவே கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்றார். நடு ரேட்டே 22.98 இருக்கும்போது யாராவது 23.10 கொடுக்கிறார் என்றால், அவர் வருமானம் வேறு எங்கிருந்தோ வருகிறது. ஊரில் கொடுக்கும் ரூபாய்க்குக் கணக்கு காட்ட முடியாத ஒருவர், அதை வெளிநாட்டில் திர்ஹமாக்கிக்கொள்ள அந்த 12 காசைக் கூலியாகத் தருகிறார். இது இந்திய அந்நியச் செலாவணிச் சட்டத்தை மீறுவது. நடைமுறைத் தொல்லையும் இருக்கிறது. ரொக்கமாக இல்லாமல் முகம் தெரியாதவர் கணக்கிலிருந்து பணம் போட்டுவிட்டால், அந்தப் பணம் ஏதாவது மோசடியில் வந்தது என்று புகார் வரும்போது வாங்கியவர் கணக்கை முடக்கிவிடுவார்கள். வீட்டுச் செலவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பணம் என்று காட்ட ரசீதும் இருக்காது. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நடு ரேட்டைத் தாண்டிய ரேட் என்றால் விலகிக்கொள்வது என்பதை அவர் தானாகவே பிடித்துக்கொண்டது எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஒரு புதிய ஆப், முதல் தடவை அனுப்புவோருக்கு நடு ரேட்டையே தருவதாக விளம்பரம் செய்திருந்தது. அந்தச் சலுகைக்கு ஒரு தொகை உச்சவரம்பு இருந்தது, 20,000 அதற்கு மேல். அதையும் விட்டோம்.

புதன்: அனுப்பியது

முடிவு இதுதான்: மாதம் அனுப்பும் 1,500 இனி ஆப்பில், இந்த 20,000 எக்ஸ்சேஞ்ச் ஹவுஸில், வேலை நாளில். சம்பளக் கணக்கில் இருந்த பங்கை ஏடிஎம் தினசரி வரம்பு காரணமாகத் திங்கள், செவ்வாய் என்று இரண்டு நாளாக எடுத்து வைத்திருந்தார். சீட்டுப் பணம் ஏற்கெனவே ரொக்கம். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள் என்பதால் ஆறு மாதச் சம்பள விவரத்தையும் எடுத்துக்கொண்டு 13ஆம் தேதி காலையில் போனார். கேட்டார்கள், காட்டினார்.

கட்டுவதற்கு முன் ஒரு விஷயம் கேட்கச் சொல்லியிருந்தேன்: பெரிய தொகைக்கு ரேட் கூட்டித் தருவீர்களா? போர்டில் இருப்பது எல்லாருக்குமான ரேட். பெரிய தொகைக்குக் கிளை மேலாளரால் ஒன்றிரண்டு காசு கூட்ட முடியும், ஆனால் கேட்டால்தான். கேட்டதும் 22.88 போட்டார்கள். இரண்டு காசுதான், 400 ரூபாய். மொத்தம் 4,57,047 ரூபாய் என்று ரசீது வந்தது.

பணம் போக வேண்டிய கணக்கு அம்மாவுடையது. வேலை நடப்பது கிராமத்தில், மேஸ்திரிக்குக் கொடுப்பதும் அம்மாதான், அதனால் நேராக அங்கேயே போகட்டும் என்று நினைத்தார். அந்தக் கணக்குக்கு இதுவரை அவர் பணம் அனுப்பியதில்லை. ஆகவே முந்தின நாளே ஆப் வழியாக 100 திர்ஹம் அனுப்பிச் சோதித்துவிட்டார். கட்டணம் இல்லாத வழி என்பதால் சோதனைக்கு அது பொருத்தம். இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் சில நிமிடங்களில் விழுந்தது. கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, பெயர் எல்லாம் சரி என்று உறுதியானது.

பணம் விழவில்லை

புதன் மதியம் வரை ஒன்றும் வரவில்லை. மாலையில் எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ் எண்ணுக்குக் கூப்பிட்டபோது, “வாங்கும் வங்கி ஏற்கவில்லை, திரும்புகிறது” என்றார்கள். காரணம் அவர்களிடம் ஒரு குறியீடாக மட்டும் இருந்தது.

வியாழக்கிழமை காலையில் அம்மா வங்கிக் கிளைக்குப் போனார். அங்கே விஷயம் தெரிந்தது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கிய நேரத்தில், மாதம் 1,000 ரூபாய் வாங்குவதற்காக அவசரமாகத் திறந்த கணக்கு அது. முழு ஆவணங்கள் கொடுக்காமல் திறந்ததால் ‘சிறு கணக்கு’ என்ற வகையில் இருந்தது. அந்த வகைக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் தொகை எல்லைகள் மூன்று: எந்த நேரத்திலும் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, ஒரு நிதியாண்டில் வரும் மொத்த வரவு 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது, மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது. 1,000 ரூபாய் உரிமைத் தொகைக்கு இந்த எல்லைகள் ஒருபோதும் குறுக்கே வந்ததில்லை. நாங்கள் அனுப்பிய 100 திர்ஹமும் எல்லைக்குள் அடங்கிவிட்டது. நாலரை லட்சம் வந்ததும் கதவு சாத்திக்கொண்டது.

சோதனைப் பணம் சொன்னது “இந்தக் கணக்கு இருக்கிறது, இவருடையதுதான்” என்பதை மட்டும். “இவ்வளவு பணத்தை இது தாங்கும்” என்று அது சொல்லவில்லை. இந்த இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்பது இந்த நிகழ்வில் கிடைத்த மிகப் பயனுள்ள தகவல். அனுப்பும் நிறுவனங்களைப் பற்றி எவ்வளவு ஆராய்ந்தாலும் இது தெரிய வந்திருக்காது.

கிளையில் அம்மாவின் ஆதாரும் பான் விண்ணப்பமும் வாங்கிக்கொண்டார்கள். முழுக் கணக்காக மாற நாலைந்து நாள் ஆகும் என்றார்கள்.

திரும்பி வரும் பணத்துக்கு எந்த ரேட்

ஏற்கப்படாத பணம் உடனே திரும்பி வரவில்லை. கூட்டாளி வங்கி அதை எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ் கணக்கில் திரும்ப வரவு வைத்த பிறகுதான் அடுத்த வேலை. 15ஆம் தேதி வெள்ளிக்கிழமை குருநானக் ஜெயந்தி, மும்பையில் வங்கி விடுமுறை. அடுத்து சனி, ஞாயிறு. ஐஎம்பிஎஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் திரும்பிய பணத்தைச் சரிபார்த்து வரவு வைப்பது மனிதர்கள் செய்யும் வேலை, அதற்கு அலுவலகம் திறந்திருக்க வேண்டும். போகும்போது நிமிடக் கணக்கு, திரும்பும்போது வேலை நாள் கணக்கு. விளம்பரத்தில் சொல்லும் வேகம் எல்லாம் முதலாவதைப் பற்றியதுதான்.

திங்கள் 18ஆம் தேதி காலையில் பணம் திரும்பியதாகக் குறுஞ்செய்தி வந்தது. கவுண்டரில் இரண்டு வழி சொன்னார்கள்.

ஒன்று, ரத்து செய்து திர்ஹமாகவே வாங்கிக்கொள்வது. ஆனால் பணம் இப்போது ரூபாயாக இருக்கிறது. அதைத் திர்ஹமாக்க அவர்கள் எதிர்த்திசை ரேட் போடுவார்கள், அன்று 23.15. அதாவது 4,57,047 ரூபாய்க்கு 19,743 திர்ஹம்தான் கையில் வரும். கட்டிய கட்டணமும் சேர்த்து 257 திர்ஹம் போய்விடும். பிறகு புதிதாக அனுப்ப இன்னொரு கட்டணம்.

இரண்டு, பெறுபவர் விவரத்தை மட்டும் திருத்தி அதே ரூபாயை வேறு கணக்குக்கு அனுப்புவது. திருத்தக் கட்டணம் வாட்டோடு 21 திர்ஹம். ரேட் பழையதே.

யோசிக்கவே தேவையில்லை, இரண்டாவது. வருடக்கணக்காக அவர் பணம் போட்டுவரும் மனைவி கணக்கைக் கொடுத்தார். அன்று மதியமே பணம் விழுந்தது. மனைவி திருச்சியிலிருந்து நேராகச் சிமெண்டுக் கடைக்கும் மேஸ்திரிக்கும் வங்கி மூலம் அனுப்பினார்.

விளைவு

18ஆம் தேதி போட வேண்டிய தளம் 21ஆம் தேதி போடப்பட்டது. சென்ட்ரிங் சாமான் வாடகை மூன்று நாள் கூடியது, மிக்சரும் ஆட்களும் வேறு நாளுக்கு மாற்றியதில் கொஞ்சம் போனது. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 4,000 ரூபாய் கூடுதல் செலவு.

ரேட் ஒப்பீட்டில் கிடைத்தது என்ன? ஞாயிறு 22.80க்கு அனுப்பியிருந்தால் 4,55,449 ரூபாய் விழுந்திருக்கும். வேலை நாளில், பேசி வாங்கிய ரேட்டில் 4,57,047. வித்தியாசம் 1,598 ரூபாய். அதில் திருத்தக் கட்டணமாக 480 ரூபாய் போக, மிச்சம் 1,118. இப்படி மிஞ்சியதைவிடத் தளம் தள்ளிப்போனதில் செலவானது மூன்று மடங்குக்கு மேல்.

இதனால் ஒப்பிட்டது வீண் என்று அவர் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. ஞாயிறே அனுப்பியிருந்தாலும் அந்தக் கணக்கு அப்படியேதான் திருப்பியிருக்கும். விடுமுறைகளுக்கு முன்பே திரும்பி வந்திருக்கலாம் என்பது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. எட்டு நாள் இடைவெளி போதும் என்று நாங்கள் கணித்தது பணம் ஒழுங்காகப் போகும் என்ற அனுமானத்தில். ஒரு தடவை திரும்பி வந்து மறுபடி போவதற்கான நாட்களை அதில் சேர்க்கவில்லை.

அடுத்த முறைக்கு மாற்றியவை

முதல் மாற்றம் வரிசையில். ரேட் பார்ப்பதற்கு முன்பே, பணம் விழப்போகும் கணக்கைப் பற்றிக் கிளையில் நேரடியாகக் கேட்டுவிட வேண்டும்: இந்தக் கணக்கில் ஒரே தடவையில் இவ்வளவு வரவு ஏற்குமா, அதை எடுக்க வரம்பு உண்டா, கேஒய்சி முடிந்திருக்கிறதா? இந்தக் கேள்விகளைச் செல்போனில் கேட்டால் பதில் கிடைப்பது கடினம். பாஸ்புத்தகத்தோடு நேரில் போனால் ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது, பெரிய தொகையை இரண்டாகப் பிரிப்பது. 20,000ஐப் பத்துப் பத்தாக அனுப்பினால் கூடுதல் செலவு ஒரு கட்டணம், 550 ரூபாய். முதல் பாதி சிக்கினாலும் இரண்டாவது பாதி கையில் இருக்கும், வேறு கணக்குக்குத் திருப்பிவிடலாம். அவசரத் தேதி உள்ள வேலைக்கு இந்த 550 ரூபாயைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. தேதி நெருக்கடி இல்லாத சேமிப்புக்கு அது தேவையில்லை.

மூன்றாவது, அவர் பெயரிலேயே, வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ கணக்கு ஒன்று. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் ஊரில் சாதாரணச் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்பது விதி. இருப்பதை, ஊரில் வரும் வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும், வெளிநாட்டுச் சம்பளத்தை என்ஆர்இ கணக்கில் போடலாம். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரியும் இல்லை. டிசம்பரில் விண்ணப்பித்துக் கணக்கு திறந்தாயிற்று. சேமிப்பை மொத்தமாக அடுத்தவர் கணக்கில் போட்டு, அங்கிருந்து வேலைக்கு எடுக்கும் சுற்று இனி இல்லை.

பிப்ரவரி 2025: அடுத்த தொகை

பூச்சு வேலைக்கு 8,000 திர்ஹம் அனுப்ப வேண்டி வந்தது. நவம்பர் கணக்குப்படி 3,067க்கு மேல் என்றால் எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ்தான். ஆனாலும் அவர் தானாகவே ஒரு வேலை நாளில் ரேட்டுகளை மறுபடி எடுத்தார். டாலர் 86.85 ரூபாய், அதாவது திர்ஹத்தின் நடு ரேட் 23.65. எக்ஸ்சேஞ்ச் ஹவுஸில் 23.52, ஆப்பில் 23.40. இரண்டுக்கும் இடைவெளி 18 காசிலிருந்து 12 காசாகக் குறுகியிருந்தது. கட்டணம் மாறவில்லை. திரும்பும் புள்ளி இப்போது 4,733 திர்ஹம்.

8,000க்கு எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ் 1,87,592 ரூபாய் தரும், ஆப் 1,87,200. எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ்தான் முன்னால், ஆனால் 392 ரூபாய் அளவில். அது 17 திர்ஹத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஏடிஎம்மில் பணம் எடுத்து, வேலை நாளில் அரை நாள் அனுமதி கேட்டு, போய் வரிசையில் நின்று திரும்ப அதைவிட அதிகமாகப் போகும் என்று கணக்குப் போட்டு, மதிய இடைவேளையில் ஆப்பிலேயே தன் என்ஆர்இ கணக்குக்கு அனுப்பிவிட்டார். ஏழு நிமிடத்தில் விழுந்தது.

அம்மாவின் கணக்கு நவம்பர் கடைசியிலேயே முழுக் கணக்காகிவிட்டது. உரிமைத் தொகை இப்போதும் அதில்தான் வருகிறது.